தாளில் சரியாக வரும் மண் கணக்கு

மலைச்சாலை போடும்போது மேல்பக்கச் சரிவை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கத்தில் நிரப்பி அகலம் கூட்டுவார்கள். வெட்டும் மண்ணும் நிரப்பத் தேவைப்படும் மண்ணும் சமமாக இருந்தால் வெளியிலிருந்து வாங்க வேண்டாம், மிஞ்சியதைக் கொட்ட இடம் தேடவும் வேண்டாம். அப்படிச் சமப்படுத்தத்தான் பொறியாளர்கள் சாலைக் கோட்டை மேலே கீழே நகர்த்திப் பார்க்கிறார்கள்.

கணக்கு எளிது. சாலையின் மையக்கோட்டில் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, அங்கே இடமும் வலமும் தரைமட்டம் எடுப்பார்கள். அந்தத் தரைக்கோட்டின் மேல் போடப்போகும் சாலையின் வடிவத்தை வரைந்தால் குறுக்குவெட்டு கிடைக்கும். தரை சாலைக்கு மேலே நிற்கும் பகுதி வெட்டு, கீழே கிடக்கும் பகுதி நிரப்பு. முன்பு வரைபடத்தாளில் கட்டம் எண்ணிப் பரப்பளவு கண்டார்கள். இப்போது கணினி சொல்லிவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு குறுக்குவெட்டுகளின் பரப்பைக் கூட்டி, பாதியாக்கி, இடைத்தூரத்தால் பெருக்கினால் கன அளவு. முனைப்பரப்புச் சராசரி முறை என்பது இவ்வளவுதான்.

உதாரணத்துக்கு 80 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்வோம். வெட்டுப் பரப்பு தொடக்கத்தில் 18 சதுர மீட்டர். 20-ஆம் மீட்டரில் 12, 40-இல் 4, 60-இல் ஒன்றுமில்லை. மூன்று துண்டுகளிலும் 300, 160, 40 என்று மொத்தம் 500 கன மீட்டர். நிரப்புப் பரப்பு பூஜ்யத்தில் தொடங்கி 2, 9, 14 என ஏறி, 80-ஆம் மீட்டரில் மீண்டும் பூஜ்யமாகிறது. துண்டு துண்டாக 20, 110, 230, 140, இதுவும் 500. தாளில் ஒரு கூடை மண் மிச்சமில்லை.

சிக்கல் பூஜ்யம் வரும் துண்டுகளில் இருக்கிறது. 40-க்கும் 60-க்கும் இடையே வெட்டு 4-லிருந்து ஒன்றுமில்லாமல் தேய்கிறது. அகலம் மாறாமல் ஆழம் மட்டும் குறைந்தால் வடிவம் ஆப்பு போலிருக்கும். சராசரி சொல்லும் 40 சரி. அகலமும் ஆழமும் சேர்ந்து குறுகினால் அது கூம்பி முடியும். அப்போது கன அளவு பாதி அல்ல, மூன்றில் ஒரு பங்கு: 27-க்குச் சற்றுக் குறைவு. நிரப்பின் கடைசித் துண்டும் அப்படிக் கூம்பினால் 140 அல்ல, 93-தான். வெட்டும் நிரப்பும் மாறும் இடத்தில் கூடுதலாக ஒரு குறுக்குவெட்டு எடுப்பதே மருந்து. நம் 4 சதுர மீட்டர் துண்டின் நடுவில், 50-ஆம் மீட்டரில், ஒன்று எடுத்தால் பரப்பு 1 என்று வரும். விடை 40-லிருந்து 30-க்கு இறங்கி உண்மையை நெருங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடங்களில் இன்னும் நெருக்கமாக எடுக்க வேண்டும். மையக்கோட்டில் 20 மீட்டர் என்பது வளைவின் உட்புறத்தில் அதைவிடக் குறைவு, வெளிப்புறத்தில் அதிகம்.

வடிவக் கணக்கைத் திருத்தினாலும் மண் தன் போக்கில் நடக்கும். மேலே இருக்கும் வேரும் மக்கிய மண்ணும் நிரப்புக்கு ஆகாது. நம் 500-இல் அது 50 என்று வைப்போம். மீதி 450-ஐ வெட்டியதும் உதிர்ந்து பெருக்கும். லாரி நடைகள் அந்தப் பெருத்த அளவுக்குத்தான். ஆனால் பரப்பி, நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கியபின் அது மலையில் இருந்த அளவைவிடச் சுருங்கும். பத்து விழுக்காடு சுருங்கினால் கையில் 405. தாளில் சமமாயிருந்த இடத்தில் 95 கன மீட்டர் குறை. வெட்டுவது பாறையானால் நேர்மாறு: உடைத்துப் போட்ட பாறை இறுக்கினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, மிஞ்சும். ஆகவே மண்ணையும் பாறையையும் தனித்தனியே கூட்டாத மதிப்பீட்டை நான் நம்பமாட்டேன்.

சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால் சமநிலை தேடுவதே வீண். நிரப்பின் சாய்வும் மலையின் சாய்வும் ஏறக்குறைய ஒன்றானால், கொட்டும் மண் தரையைத் தொட்டு நிற்காமல் வழிந்துகொண்டே போகும். அங்கே தாங்குசுவர் கட்ட வேண்டும், அல்லது சாலை முழுவதையும் வெட்டிலேயே அமைத்து மிஞ்சும் மண்ணுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடம் திட்டத்தில் குறிக்கப்படாவிட்டால் மண் பள்ளத்தில் தள்ளப்பட்டு ஓடையை அடைக்கும்.

ஊரில் மலைச்சாலை வேலை தொடங்கினால் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: பொக்லைன் இறங்குமுன் பழைய தரைமட்டங்கள் எடுத்து, துறையும் ஒப்பந்தக்காரரும் கையொப்பமிட்டார்களா? வெட்டிய பிறகு பழைய தரை இருக்காது. எத்தனை கன மீட்டருக்குப் பணம் தந்தது சரி என்று சோதிக்க அந்தத் தாள்தான் ஆதாரம்.