கோடைக்கால இன்டர்ன்ஷிப்: ஒரகடம் ஆலையில் 6 வாரத்தில் என்ன கத்துக்கணும்? வேலைக்கு ஆள் எடுப்பது எப்போது நியாயம்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங்... இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறிய, நடுத்தர ஆலைகள். செமஸ்டர் லீவு வந்தால் டிப்ளமோ, பி.இ. மாணவர்கள் இங்கேதான் இன்டர்ன்ஷிப்புக்கு வர்றாங்க.

ஆனா பல பேருக்குக் கையில் கிடைப்பது ஒரு சான்றிதழ் மட்டும்தான். சிலர் மூலையில் உட்கார்ந்து ஃபைல் தயாரிக்கிறாங்க. சிலர் சம்பளமில்லாத ஆபரேட்டரா லைன்ல நிக்கிறாங்க. உண்மையிலேயே தொழில் கற்றுத்தரும் இன்டர்ன்ஷிப் எப்படி இருக்கணும்? பார்க்கலாம்.

இன்டர்ன் வேற, அப்ரென்டிஸ் வேறயா?

ஆமா. அப்ரென்டிஸ் என்பவர் 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டு வருபவர். அவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. 2019-ல் வந்த விதி மாற்றத்தில் டிப்ளமோ படித்தவருக்கு மாதம் 8,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என நிர்ணயிச்சாங்க. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்கணும் என்றும் அந்தச் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்லுது.

லீவில் 6 வாரம் வரும் இன்டர்னுக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. அதனால் பயிற்சி எப்படி இருக்கணும் என்பதை ஆலையும் கல்லூரியும் முன்கூட்டியே எழுதி வைக்கலைன்னா, அந்த மாணவருக்குப் பிடிமானமே இல்லை.

6 வாரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஒரகடத்தில் லேத்தில் ஷாஃப்ட் கடையும் ஒரு ஆலை. ஷாஃப்ட்டின் விட்டம் 20 மி.மீ. கூடக் குறைய 0.05 மி.மீ. வரை போகலாம். அதாவது 19.95-க்கும் 20.05-க்கும் நடுவில் இருந்தால் நல்ல பீஸ்.

முதல் வாரம் பாதுகாப்பு. எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே இருக்கு, சுத்தும் மெஷினில் ஏன் கையுறையோடு கை வைக்கக் கூடாது, எந்த ஷிப்ட்டில் யாரைக் கேட்கணும் என்பதெல்லாம் இந்த வாரத்திலேயே தெரிஞ்சிடணும்.

இரண்டாவது வாரம் அளவெடுப்பது. இங்கேதான் முதல் உண்மையான பாடம். சாதாரண வெர்னியர் 0.02 மி.மீ. வரைதான் காட்டும். அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி காட்டணும் என்பது தொழிற்சாலைகளில் பின்பற்றும் கணக்கு. இங்கே மொத்த இடைவெளி 0.10. அப்போ 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர்தான் வேணும். முதல்ல அதன் பூஜ்யம் சரியா இருக்கான்னு பார்க்கணும். பீஸில் உள்ள எண்ணெய், பிசிறைத் துடைக்கணும். கைபலத்தில் முறுக்காமல் ராட்செட்டைத் திருப்பி அளக்கணும். இதில் ஒண்ணு தப்பினாலும் அளவு மாறிடும்.

மூணாவது வாரத்தில் இருந்து ஐந்தாவது வாரம் வரை ஒரே ஒரு நிஜப் பிரச்னை. மதியத்துக்கு மேல் ரிஜெக்‌ஷன் கூடுது, ஏன்? மாணவர் மணிக்கு ஒருமுறை 5 பீஸ் எடுத்து அளந்து, கிராஃப் பேப்பரில் புள்ளி வைக்கிறார். காலையில் 20.00-ல் இருந்த அளவு மதியம் 20.04-க்கு ஏறுவது தெரியுது. வெட்டும் இன்செர்ட்டின் முனை தேயத் தேய, வெளி விட்டம் கொஞ்சம் கொஞ்சமா கூடும். அப்போ எத்தனை பீஸுக்கு ஒருமுறை மெஷினில் ஆஃப்செட் திருத்தணும்? சூப்பர்வைசரோடு சேர்ந்து அவர் அதைக் கண்டுபிடித்து, ஒரு வாரம் சோதித்துக் காட்டணும்.

ஆறாவது வாரம் தேர்வு.

அந்தத் தேர்வு எப்படி இருக்கணும்?

"பையன் சுறுசுறுப்பா இருக்கான்" என்று சூப்பர்வைசர் சொல்வதை வைத்து வேலை கொடுத்தால், அது பழக்கத்துக்குக் கிடைத்த வேலை. அதுக்குப் பதிலா எல்லோருக்கும் ஒரே செய்முறைத் தேர்வு வைக்கலாம்.

தரப் பிரிவு முன்கூட்டியே அளந்த 10 ஷாஃப்ட். 6 நல்லது, 4 கெட்டது. எது எதுன்னு மாணவருக்குத் தெரியாது. வரிசையை மாற்றி இரண்டு முறை கொடுத்தால் மொத்தம் 20 பதில். கெட்ட பீஸ்கள் எல்லையில் இருந்து குறைந்தது 0.02 மி.மீ.யாவது தள்ளி இருக்கணும். நல்ல பீஸ்களும் அதே மாதிரி எல்லைக்கு உள்ளே தள்ளி இருக்கணும். இல்லைன்னா விடையிலேயே சண்டை வரும்.

இப்போ ஒரு கணக்கு. முதல் மாணவர் 18 சரி, இரண்டாமவர் 17 சரி. யாரை எடுப்பீங்க? மார்க்கைப் பார்த்தால் முதலாமவர். ஆனா அவர் செய்த 2 தப்பும் கெட்ட பீஸை நல்லதுன்னு விட்டது. இரண்டாமவர் செய்த 3 தப்பும் நல்ல பீஸைக் கெட்டதுன்னு ஒதுக்கியது. ஒதுக்கிய பீஸை மறுபடி அளந்து எடுத்துக்கலாம். கெட்டது விட்டால் அது கார் கம்பெனி வரைக்கும் போய், மொத்த லாட்டும் திரும்பி வரலாம். தர ஆய்வு வேலைக்கு இரண்டாமவர்தான் பொருத்தம்.

இதுல முக்கியமானது, எந்தத் தப்புக்கு எவ்வளவு மார்க் குறையும் என்பதைத் தேர்வுக்கு முன்னாடியே எழுதி, மாணவர்களுக்கும் காட்டிடணும். மார்க் வந்த பிறகு விதி எழுதினால், பிடித்த ஆளுக்கு ஏத்த மாதிரி விதி வளையும். விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்கணும். திருத்துபவர் அந்த மாணவருக்குப் பயிற்சி கொடுத்தவரா இருக்கக் கூடாது.

தேர்வு ஒண்ணா இருந்தா போதுமா?

போதாது. ஒருத்தர் 80 மணி நேரம் மெஷின் பக்கத்தில் நின்றார், இன்னொருத்தரை ஆபீஸில் எக்செல் அடிக்க வைத்தாங்க என்றால், ஒரே தேர்வு வைத்தாலும் அது நியாயம் இல்லை. பெரும்பாலும் பெண்களைத்தான் இப்படி டாக்குமென்ட் வேலைக்கு அனுப்புறாங்க. கடைசியில் "அவங்களுக்கு மெஷின் அனுபவம் இல்லை" என்று அவங்களையே ஒதுக்குறாங்க. இதைத் தடுக்க ஒரு சின்ன நோட்டு போதும். யார், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் என்று தினமும் குறித்து, வாரம் ஒருமுறை சரிபார்க்கணும்.

வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு என்ற கேள்வி இந்தப் பகுதிக்குப் புதுசு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

காசு விஷயமும் இருக்கு. உதவித்தொகையோ கம்பெனி பஸ்ஸோ இல்லைன்னா, திருவண்ணாமலையில் இருந்தோ செய்யாறில் இருந்தோ வரும் மாணவர் 6 வாரம் ரூம் வாடகை கொடுத்துத் தங்க முடியாது. தேர்வு நடக்கும் முன்னாடியே அவர் போட்டியில் இருந்து வெளியே போயிடுறார்.

மாணவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

சேரும் முன் மூணு கேள்வி கேளுங்க. ஒவ்வொரு வாரமும் என்ன கற்றுத்தருவீங்க என்று எழுத்தில் இருக்கா? இந்த வருஷம் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பீங்க? தேர்வாகலைன்னா மார்க் ஷீட் தருவீங்களா?

சேர்ந்த பிறகு ஒரே ஒரு விஷயத்தைக் கவனிங்க. நீங்க ஒருநாள் லீவு போட்டால் லைன் நிக்குதா? "நாளைக்குக் கட்டாயம் வந்துடு, ஆள் இல்லை" என்று போன் வருதா? அப்போ நீங்க அங்கே பயிற்சியில் இல்லை, உற்பத்தியில் இருக்கீங்க. உடனே கல்லூரியின் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் தேதி, ஷிப்ட் விவரத்தோடு எழுத்தில் சொல்லுங்க.