தேதியை மறந்த கம்ப்யூட்டர்

எங்கள் தெருவில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணன் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "தம்பி, டிஸ்க் போயிடுச்சுன்னு கடையில சொல்றாங்க. புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏத்தணுமாம். பத்து வருஷ டிசைன் எல்லாம் அதுலதான் கிடக்கு." ஒரு மாதம் மூடிக் கிடந்த அச்சகத்தை அன்றுதான் திறந்திருந்தார். கருப்புத் திரையில் இருந்தது ஒரே வரி:

```
Reboot and Select proper Boot device
```

'விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எதுவென்று தெரியவில்லை' என்பதுதான் இதற்குப் பொருள். டிஸ்க் செத்தாலும் இந்த வரி வரும், டிஸ்க் நன்றாக இருந்து கம்ப்யூட்டர் தவறான இடத்தில் தேடினாலும் இதே வரிதான் வரும். இரண்டையும் பிரித்தறிய, மெஷினை ஆன் செய்தவுடன் Delete விசையைத் தட்டி பயாஸ் திரைக்குள் போனேன். (சில மெஷின்களில் இது F2 ஆக இருக்கும்.) தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டியது. அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி.

மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிய வட்டமாக, 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று இருக்கும். பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு. கரன்ட் நின்றதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய போர்டுகளில் பயாஸ் செட்டிங்குகளையும் அதுதான் காப்பாற்றும். புதிய போர்டுகளில் செட்டிங்குகள் பெரும்பாலும் கரன்ட் இல்லாமலேயே தங்கும் சிப்பில் இருக்கும். ஆனாலும் பேட்டரி சக்தி அறுந்ததைக் கண்டால் பல போர்டுகள் தொழிற்சாலை செட்டிங்கை ஏற்றிக்கொள்கின்றன. தினமும் இரவு சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் நம் பழக்கத்தால் அந்தப் பேட்டரி வேகமாகக் கரைகிறது. ஒரு மாதம் அணைந்தே கிடந்தால், தளர்ந்துபோன பேட்டரி அதோடு முடிந்துவிடும்.

அதே திரையில் டிஸ்க் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு டிஸ்க்குகளின் பெயரும் அளவும் சரியாக இருந்தன. பட்டியலில் பெயரே இல்லை என்றால் கேபிளையோ டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம். இங்கே பூட் வரிசைதான் மாறியிருந்தது. படங்களைச் சேமிக்க மட்டும் வைத்திருந்த டிஸ்க் முதலிடத்தில் நின்றது. விண்டோஸ் உள்ள டிஸ்க்கை முதலுக்குக் கொண்டுவந்து, சேமித்துவிட்டு மறுபடி ஆன் செய்தேன்.

விண்டோஸ் 7 சின்னம் மலர்ந்தது. ஒரு நொடி நீலத்திரை பளிச்சிட்டது. மெஷின் தானாக மறுபடி ஆரம்பித்தது. அண்ணனின் முகம் இருண்டது. பலர் ஃபார்மட் செய்துவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு கோளாறைச் சரிசெய்த பிறகும் மெஷின் எழவில்லை என்றால், டிஸ்க்கே பழுது என்றுதான் யாருக்கும் தோன்றும். நீலத்திரையை போன் கேமராவில் பிடித்துப் பார்த்தபோது 0x0000007B என்ற எண் தெரிந்தது. விண்டோஸ் ஏறத் தொடங்கிவிட்டது, ஆனால் தன் டிஸ்க்கோடு பேச முடியவில்லை என்று அதற்குப் பொருள்.

மறுபடி பயாஸுக்குள் போனால், SATA Mode என்ற இடத்தில் IDE என்றிருந்தது. விண்டோஸைப் பதித்த நாளில் அது AHCI ஆக இருந்திருக்கிறது. டிஸ்க்கும் போர்டும் பேசும் முறை இது. விண்டோஸ் பதியும்போது எந்த முறை இருந்ததோ, அதற்குரிய டிரைவரைத்தான் தொடக்கத்தில் எழுப்பும். AHCI என்று மாற்றினேன். மெஷின் எழுந்தது, பத்து வருட டிசைன்களும் அப்படியே இருந்தன. இணையதளங்கள் மட்டும் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் எச்சரித்தது. தேதியைத் திருத்தியதும் அதுவும் போயிற்று.

சற்றுப் புதிய மெஷின்களில் இதே தொல்லை UEFI, Legacy என்ற இரு பெயர்களில் வரும். பழைய முறையில் பதித்த விண்டோஸை UEFI மட்டும் என்று மாறிய போர்டு கண்டுகொள்ளாது. CSM என்ற செட்டிங்கை Enabled ஆக்கினால் மறுபடி தெரியும். பிட்லாக்கர் பூட்டு போட்ட மெஷின் என்றால் செட்டிங் மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அதைத் தேடி வைத்துக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, பழைய பேட்டரியைக் கழற்றினேன். மல்டிமீட்டரில் 1.9 வோல்ட் காட்டியது. புதியதை + குறி மேலே தெரியும்படி போட்டேன். பேட்டரியைக் கழற்றினால் செட்டிங்குகள் மறுபடி அழியும். அதனால் சரிசெய்த ஒவ்வொரு திரையையும் முன்பே போட்டோ எடுத்திருந்தேன், அவற்றைப் பார்த்து மீண்டும் போட்டேன். பிறகு அரை மணி நேரம் பிளக்கைப் பிடுங்கி வைத்தோம். ஆன் செய்தபோது தேதியும் சரியாக இருந்தது, வரிசையும் மாறவில்லை.

அந்தப் போட்டோக்களை அண்ணன் தன் அச்சகத்திலேயே அச்சடித்து, கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். பேட்டரி மாற்றிய தேதியும் அதில் எழுதியிருக்கிறது.