கணக்குத் தாள் – 7: இருபது லட்சம் எப்போது?

பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம் போன்ற ஓர் ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டுகிறவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். பத்து ஆண்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தத் தொட்டி எந்த ஆண்டு வரை போதும்? முதல் கேள்விக்குப் பெருக்கல் போதும். இரண்டாவதற்கு மடக்கை வேண்டும். இந்த வாரம் இரண்டையும் எக்செலில் போட்டுப் பார்ப்போம்.

எண்களைப் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வோம். 2001இல் 9,74,345 பேர். 2011இல் 12,47,953 பேர். பத்தாண்டு வளர்ச்சி 28.08 விழுக்காடு. இதைப் பத்தால் வகுத்து ஆண்டுக்கு 2.808 என்று எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. வட்டிக்கு வட்டி போல, ஒவ்வோர் ஆண்டும் கூடிய தொகையின் மீதே அடுத்த ஆண்டின் வளர்ச்சி ஏறுகிறது. 2.808ஐ வைத்துப் பத்து ஆண்டு பெருக்கினால் 12.85 லட்சம் வருகிறது. உண்மையைவிட 37 ஆயிரம் பேர் கூடுதல். பத்தால் வகுக்கக் கூடாது, பத்தாம் மூலம் எடுக்க வேண்டும்.

B1 கட்டத்தில் 974345, B2இல் 1247953, B3இல் 10 என்று இடுங்கள். B4இல் ஆண்டு வளர்ச்சி விகிதம்:

```
=(B2/B1)^(1/B3)-1
```

விடை 0.02506, அதாவது 2.506 விழுக்காடு. D2 முதல் கீழே 1, 2, 3 என்று ஆண்டுகளை எழுதி, E2இல் இதை இட்டுக் கீழே இழுத்தால் 2011க்குப் பிந்தைய ஆண்டுகள் வரிசையாக வரும்:

```
=$B$2*(1+$B$4)^D2
```

டாலர் குறி விட்டுப்போனால், இழுக்க இழுக்க B2 என்பது B3, B4 என்று நகர்ந்துவிடும். இரண்டாவது வரியிலேயே மக்கள்தொகை 10 என்று வந்து நிற்பதைப் பார்த்தால் காரணம் அதுதான்.

இனி இரண்டாவது கேள்வி: இருபது லட்சத்தைத் தொடுவது எப்போது? இப்போது தெரியாத எண் அடுக்கில் இருக்கிறது. அடுக்கில் இருப்பதைக் கீழே இறக்கித் தருவதுதான் மடக்கையின் வேலை. B5இல் 2000000 என்று இட்டு, B6இல்:

```
=LN(B5/B2)/LN(1+B4)
```

விடை 19.06. மக்கள்தொகைக் கணக்கின் குறிப்பு நாள் 2011 மார்ச் 1. அதிலிருந்து 19 ஆண்டு என்றால் 2030 மார்ச். `LN` வேண்டாமென்றால் `LOG` போடலாம், ஆனால் மேலும் கீழும் ஒரே செயற்கூறாக இருக்க வேண்டும். `LN` இயற்கை மடக்கை. `LOG` தனியாக இட்டால் பத்தின் அடிமானம். ஒன்றை மேலும் மற்றதைக் கீழும் போட்டால் 19க்குப் பதில் 8 அல்லது 44 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. கிடைத்த ஆண்டை `=B2*(1+B4)^B6` என்று திருப்பிப் போடுங்கள். 2000000 வந்தால்தான் சூத்திரம் சரி.

சூத்திரம் சரியாக இருந்தாலும் விடை நம்பத்தக்கதா என்பது வேறு கேள்வி. அதை அறிய, தெரிந்த கடந்த காலத்தில் சோதிக்க வேண்டும். 1981இல் புதுச்சேரியில் 6,04,471 பேர், 1991இல் 8,07,785. அந்த வேகத்தை நீட்டினால் 2001இல் 10.79 லட்சம் வந்திருக்க வேண்டும். வந்தது 9.74 லட்சம்தான், ஒரு லட்சத்துக்கும் மேல் குறைவு. விகிதம் ஒரே இடத்தில் நிற்கும் என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பிறப்பு குறைவதும், வெளியூரிலிருந்து குடியேற்றம் கூடுவதும் குறைவதும் அதை அசைத்துக்கொண்டே இருக்கின்றன.

எனவே ஒரே ஆண்டைச் சொல்லாதீர்கள். 1991–2001இன் மெதுவான வேகத்தை B4இல் (0.01892) போட்டால் இருபது லட்சம் 25 ஆண்டு தள்ளி, 2036இல் வருகிறது. 1981–91இன் வேகம் (0.02942) என்றால் 16 ஆண்டில், 2027இல். அதே சூத்திரம், அதே தொடக்கம்; விகிதத்தில் ஒரு விழுக்காட்டுப் புள்ளி மாறினால் ஒன்பது ஆண்டு நகர்கிறது. தொட்டி கட்டுகிறவருக்கு இந்த இடைவெளிதான் உண்மையான விடை: வேகமான ஆண்டுக்குள் நிதி தயாராக வேண்டும், மெதுவான ஆண்டு வரை தொட்டி உழைக்க வேண்டும்.

கிருமாம்பாக்கத்துக்கு மட்டும் போடுகிறவர்கள் இந்த விகிதத்தை அப்படியே எடுக்கக் கூடாது. காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்ந்த எண் இது. கடலூர்ச் சாலையை ஒட்டிய ஓர் ஊரின் வேகம் வேறாக இருக்கும். ஊரின் இரண்டு கணக்கெடுப்பு எண்களை B1, B2இல் இட்டால் போதும். சின்ன ஊரில் ஒரு புதுக் குடியிருப்பு வந்தாலே விகிதம் தாவும் என்பதால், அங்கே இடைவெளியை இன்னும் அகலமாக வையுங்கள்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 2001–2011இன் வேகம் நீடித்திருந்தால் அன்று 18.5 லட்சம், 1991–2001இன் மெதுவான வேகம் என்றால் 16.8 லட்சம். உண்மை எண் வந்ததும் 2011இன் எண்ணை B1க்கு மாற்றுங்கள், புதியதை B2இல் இடுங்கள், B3இல் 16 என்று திருத்துங்கள். எண்ணும் காலமும் சேர்ந்து மாறினால்தான் விகிதம் சரியாக வரும்.

(அடுத்த வாரம்: வளர்ச்சி ஓர் எல்லையில் நிற்கும்போது எந்தச் சூத்திரம்?)