டிங்கி விளக்கப் படத்துக்குத் தமிழ்க் குரல்: நொடிக் கணக்கோடு எழுதும் முறை

டிங்கி காய்ச்சலில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று நான்கு நாள் கொதித்த உடம்பு ஆறியதும், நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. அது ஓரிரு நாள் நீடிக்கும்.

இதை விளக்கும் ஆங்கில அனிமேஷன் படங்கள் புலனக் குழுக்களில் வலம் வருகின்றன. லாபு, சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் நம் தாத்தா பாட்டிகளுக்கு அவை ஓடும் பொம்மைகள் மட்டுமே. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘சயின்டிஃபிக் அனிமேஷன்ஸ் வித்அவுட் பார்டர்ஸ்’ திட்டம், ஒரே படத்துக்குப் பல மொழிகளில் குரல் சேர்த்து வருகிறது. அதே வேலையை நாமும் செய்யலாம். ஆனால், வெறும் மொழிபெயர்ப்பு இதற்குப் போதாது.

முதலில், படத்தை ஒலியில்லாமல் ஓட்டிப் பாருங்கள். காட்சி மாறும் நொடியை மட்டுமல்ல, காட்சிக்குள் ஒவ்வொரு படமும் தோன்றும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு காட்சி 00:24-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெப்பமானி இறங்குகிறது. 00:27-இல் சிவப்பு எச்சரிக்கைக் குறி வருகிறது. 00:31, 00:33, 00:35-இல் மூன்று அறிகுறிகள் வருகின்றன. 00:37-இல் மருத்துவமனை. 00:40-இல் காட்சி முடிகிறது.

அடுத்து, அளவு. தமிழில் சொற்களை எண்ணிப் பயனில்லை, ஒரே சொல் மிக நீண்டுவிடும். புள்ளி எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். ‘காய்ச்சல்’ என்பதில் ய், ச், ல் போக மிஞ்சுவது இரண்டு. முதியோர் கேட்டுப் புரிந்துகொள்ள, நொடிக்கு 5 எழுத்து என்று கணக்கு வைத்தால் நிதானமாக இருக்கும். எண்களைச் சொல்லாக எழுதியே எண்ணுங்கள். தாளில் ‘2’ ஒரு குறிதான், வாயில் ‘இரண்டு’ மூன்று எழுத்து.

இப்போது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்:

“காய்ச்சல் குறைந்துவிட்டது என்பதற்காக நீங்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனெனில் அதற்குப் பின்வரும் இரண்டு நாள்களே மிகவும் ஆபத்தானவையாக இருக்கக்கூடும்.”

இது 58 எழுத்து, ஏறக்குறைய 12 நொடி. நமக்கு இருப்பதோ 7 நொடி. அதைவிடப் பெரிய கோளாறு, ‘கூடாது’ என்ற சொல் 28-ஆவது எழுத்தில்தான் முடிகிறது. அதாவது ஐந்தரை நொடி கழித்து. அதுவரை பாட்டியின் காதில் விழுவது ‘காய்ச்சல் குறைந்துவிட்டது’, ‘நிம்மதியாக’ என்பவைதான். கண்ணிலும் வெப்பமானி இறங்குகிறது. சிவப்புக் குறி வந்த பிறகும் எச்சரிக்கை வரவில்லை. ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும்; தமிழில் கடைசியில் வரும். அதனால்தான் இந்தத் தடுமாற்றம்.

வேகமாகப் படிப்பது இதற்குத் தீர்வாகாது. வாக்கியத்தை உடைத்து, படத்தோடு சேர்த்து எழுத வேண்டும்:

00:24 – காய்ச்சல் விட்டதா? ஏமாறாதீர்கள்! (10 எழுத்து)
00:27 – அடுத்த இரண்டு நாளில்தான் ஆபத்து அதிகம். (15)
00:31 – கடும் வயிற்றுவலி... (7)
00:33 – விடாத வாந்தி... (5)
00:35 – ஈறில் இரத்தம்... (5)
00:37 – எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு! (13)

16 நொடிக் காட்சி முழுவதற்கும் 55 எழுத்துதான். முன்பு முதல் வாக்கியமே 58. ‘கவனியுங்கள்’ என்ற சொல்லே தேவைப்படவில்லை, படம் அதைச் செய்கிறது. மிஞ்சும் நேரத்தை நிரப்ப வேண்டாம். வாசிப்பவர் மூச்சு விடவும், கேட்பவர் மனத்தில் பதியவும் அந்த இடைவெளி வேண்டும்.

சொல்லும் நம் ஊர்ச் சொல்லாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் ‘கொள்கலன்கள்’ என்றால் யாரும் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார்கள். கைவிட்ட பால் மங்கு, பழைய டயர், பூச்சட்டித் தட்டு என்றால் கண் உடனே வீட்டுப் பின்புறம் போகும்.

ஒலிப்பதிவுக்கு முன் இன்னொன்று. ஆங்கிலக் குரலும் இசையும் ஒரே தடத்தில் கலந்திருந்தால், குரலை நீக்கும்போது இசையும் போய்விடும். எனவே படத்தை எடுத்தவர்களிடம் அனுமதி கேட்கும்போதே, குரல் இல்லாத பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஒலியில்லாத படத்தை ஓடவிட்டு, எழுதியதை ஒரு பாட்டியின் முன் வாசித்துக் காட்டுங்கள். பிறகு, “காய்ச்சல் விட்டதும் என்ன செய்வீங்க பாட்டி?” என்று கேளுங்கள். “அப்புறம் என்ன, குளிச்சிட்டு வேலையப் பார்க்க வேண்டியதுதான்” என்றால், அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள். “இன்னும் ரெண்டு நாளைக்குப் பார்த்துக்கணும்” என்றால், ஒலிப்பதிவுக்குப் போகலாம்.