படிக்கட்டையின் இரு வரைபடங்கள்: முதல் கோணமும் மூன்றாம் கோணமும்

பொறியியல் வரைபடத் தேர்வில் படிக்கட்டையின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத் தோற்றம் ஆகிய மூன்றையும் வரையச் சொல்வார்கள். முதல் கோண முறையானாலும் மூன்றாம் கோண முறையானாலும் தோற்றங்களின் வடிவம் மாறாது. தாளில் அவை அமரும் இடமே மாறும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் பரிந்துரைப்பது முதல் கோணம். அமெரிக்காவில் மூன்றாம் கோணமே வழக்கம்.

எடுத்துக்காட்டாக, 60 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம் கொண்ட கட்டையில், வலப்பக்கம் பாதி நீளத்துக்கு மேலிருந்து 20 மி.மீ. வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் உயரமாகவும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருப்பதால், முன்தோற்றம் ஆங்கில எழுத்து 'எல்' போல அமையும். மேல்தோற்றம் 60×40 செவ்வகம். படியின் விளிம்பு அதன் நடுவே குறுக்காக ஒரு கோடாகத் தெரியும்.

பக்கத் தோற்றம் இரண்டு பக்கங்களிலிருந்தும் 40×40 சதுரம்தான். வலப்பக்கமிருந்து பார்த்தால் படி கண்ணுக்கு நேராகத் தெரியும். எனவே 20 மி.மீ. உயரத்தில் ஒரு முழுக்கோடு வரும். இடப்பக்கமிருந்து பார்த்தால் உயரமான பாதி படியை மறைத்துவிடும். அதே கோட்டை அப்போது விட்டுவிட்ட சிறு கோடுகளாக வரைய வேண்டும்.

முதல் கோணத்தில் பொருள், பார்ப்பவருக்கும் வரைதளத்துக்கும் இடையில் இருக்கிறது. பார்வை பொருளைக் கடந்து மறுபுறத் தளத்தில் விழுவதால், மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழேயும், இடப்பக்கத் தோற்றம் வலப்புறமும் அமையும். மூன்றாம் கோணத்தில் கண்ணாடி போன்ற தளம் நடுவில் நிற்கிறது. அதனால் மேல்தோற்றம் மேலேயும், வலப்பக்கத் தோற்றம் வலப்புறமும் வரும்.

முதல் கோணத்தில் வரையும்போது முன்தோற்றத்தை மெல்லிய கோடுகளால் போட்டு, அதன் விளிம்புகளிலிருந்து கோடுகளைக் கீழே இறக்கி மேல்தோற்றத்தை அமைக்க வேண்டும். உயரங்களை வலப்புறம் நேராக நீட்டி, அகலத்தை 45 பாகைச் சாய்கோட்டின் வழியே மேலே திருப்பினால் பக்கத் தோற்றம் கிடைக்கும். பிறகு தேவையான கோடுகளை மட்டும் அழுத்தமாக்கலாம்.

இடத்தை மாற்றி வரைவதே பெரும்பாலும் நேரும் பிழை. இந்தக் கட்டையில் அதைக் கண்டுபிடிப்பது எளிது: முன்தோற்றத்தின் வலப்புறச் சதுரத்தில், முதல் கோணத்தில் விட்டுவிட்ட கோடும், மூன்றாம் கோணத்தில் முழுக்கோடும் இருக்க வேண்டும். தோற்றத்தை இடப்புறம் வைத்தால் இது தலைகீழாகும். கடைசியாக, எந்த முறை என்பதைக் காட்டும் கூம்புத் துண்டுக் குறியீட்டைத் தலைப்புக் கட்டத்தில் போட வேண்டும்.