புதியவருக்கும் அனுபவசாலிக்கும் வேலை சொல்லும் விதம்

சூழலுக்கேற்ற தலைமை என்ற கோட்பாட்டை அமெரிக்காவில் பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1969இல் வகுத்தார்கள். மேலாளர் ஊழியருக்குத் தருபவை இரண்டு. என்ன, எப்படி, எப்போது என்று சொல்லிக் கண்காணிப்பது ஒன்று. காது கொடுத்துக் கேட்டு, தைரியம் சொல்லி, முடிவெடுப்பதில் இடம் கொடுப்பது மற்றொன்று. கையிலுள்ள வேலையில் ஊழியருக்கு எவ்வளவு திறமையும் முனைப்பும் உண்டு என்பதைப் பொறுத்து இரண்டின் அளவும் மாற வேண்டும்.

சிஎன்சி லேத்தில் 25 மி.மீ. விட்டமுள்ள தண்டு கடையும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். ஐடிஐ முடித்து வந்த புதியவருக்கு ஆர்வம் நிறைய, பழக்கம் குறைவு. அவரிடம் மேற்பார்வையாளர் திட்டவட்டமாகப் பேச வேண்டும்: ஐந்து தண்டுக்கு ஒருமுறை மைக்ரோமீட்டரில் அளந்து எழுது, 25.02ஐத் தாண்டினால் மெஷினை நிறுத்திக் கூப்பிடு, ஆஃப்செட்டைத் தொடாதே. பக்கத்தில் இருபது வருட அனுபவமுள்ளவருக்கு வரைபடமும் எண்ணிக்கையும் தேதியும் போதும். டூல் தேய்வதை அவர் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சில வாரங்களில் புதியவரிடம் ஆஃப்செட்டை ஒப்படைக்கிறார்கள். 0.04 குறைக்க வேண்டிய இடத்தில் அவர் 0.4 என்று அழுத்த, தண்டு வீணாகிறது. வந்த நாளின் உற்சாகம் வடிந்துவிடும் இந்தக் கட்டம்தான் மிக நுட்பமானது. திட்டினால் அடுத்த முறை வீணான தண்டை ஒளித்துவைப்பார். தட்டிக்கொடுத்து மட்டும் விட்டுவிட்டால் அதே தவறு திரும்பும். கண்காணிப்பைக் குறைக்காமல், எண்ணை வாய்விட்டுச் சொன்னபின் அழுத்தச் செய்து, தவறு எப்படி நேர்ந்தது என்பதையும் விளக்க வேண்டும். கட்டளை மட்டும் போதாமல் காரணமும் சேரும் கட்டம் இது.

அனுபவசாலியைப் பற்றித்தான் மேலாளர்கள் அதிகம் தவறுகிறார்கள். சாதா லேத்தில் கைதேர்ந்தவரைச் சிஎன்சிக்கு மாற்றினால், உலோகத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புரோகிராம் எழுதுவதிலோ அவர் புதியவர். 'அவருக்குத் தெரியாததா' என்று விட்டுவிட்டால், கேட்கக் கூச்சப்பட்டுத் தடுமாறுவார். புரோகிராமுக்குப் படிப்படியாக வழிகாட்டி, வெட்டு வேகத்தையும் ஊட்டத்தையும் அவரிடமே விட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கப் போனால் அவர் யோசனை சொல்வதையே நிறுத்திவிடுவார். மிகையாகக் கண்காணிக்கிறோம் என்பதற்கு அந்த மௌனமே அடையாளம்.

கோட்பாட்டுக்கு எல்லையும் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ராபர்ட் வெச்சியோ நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்களுக்குத் திட்டவட்டமான வழிகாட்டல் வேண்டும் என்ற பகுதிக்கே நல்ல ஆதாரம் கிடைத்தது. முதிர்ந்தவர்களைப் பற்றிய பகுதிக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. ஆகவே புதியவர் விஷயத்தில் மேலாளர் கோட்பாட்டை நம்பித் தொடங்கலாம். அனுபவசாலியிடம், எந்த வேலையில் எவ்வளவு உதவி வேண்டும் என்று அவரையே கேட்டுப் பேசி முடிவுசெய்வது நல்லது.