முதுகெலும்பு லேசாக வளைந்திருக்கிறதா? பிள்ளையின் விளையாட்டை நிறுத்துவதற்கு முன் இதைப் படியுங்கள்

அம்பாங் பெச்சா - இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைக்கு முதுகெலும்பு வளைந்திருப்பதை வீட்டில் முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அம்மாதான். சில வேளைகளில் அவருக்கு முன்பே தையல்காரர் கவனித்துவிடுவார். பள்ளிக்குப் போடும் பாஜு குரோங் தொளதொளவென்று இருப்பதால் முதுகின் உருவம் வெளியே தெரியாது. தீபாவளிக்கு ரவிக்கை தைக்க அளவெடுக்கும்போதுதான் ஒரு தோள் சற்று உயர்ந்திருப்பதும், இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் உள்ளே வளைந்திருப்பதும் கண்ணில் படும். பிறகு கிளினிக், எக்ஸ்ரே என்று அலைந்து, "லேசான ஸ்கோலியோசிஸ்" என்ற சொல்லோடு வீடு திரும்புவார்கள்.

அன்று மாலையே பல வீடுகளில் எடுக்கப்படும் முதல் முடிவு, பிள்ளையை வலைப்பந்துக் குழுவிலிருந்து நிறுத்துவது. "ஓடாதே, குதிக்காதே, பையைத் தூக்காதே" என்பார்கள். அக்கறையினால்தான் சொல்கிறார்கள். ஆனால், லேசான வளைவைப் பொறுத்தவரை மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிரானது.

"லேசான" என்ற சொல்லுக்கு ஓர் அளவு உண்டு. முதுகெலும்பு பக்கவாட்டில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே படத்தில் கோடு போட்டு, பாகையில் கணக்கிடுவார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948-இல் விளக்கிய முறை என்பதால் அதற்குக் காப் கோணம் என்று பெயர். 10 பாகைக்குக் கீழே இருந்தால் அதை நோயாகவே எண்ணுவதில்லை. 10 முதல் 25 வரை லேசானது. அதற்கு மேல் போய், பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் பிரேஸ் எனப்படும் முதுகுக் கவசத்தைப் பற்றிப் பேசுவார்கள். 45, 50 பாகையைத் தாண்டினால்தான் பொதுவாக அறுவைச் சிகிச்சையைப் பற்றிய பேச்சு வரும்.

பதின்ம வயதில் வரும் வளைவில் பெரும்பான்மைக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்கப்படவில்லை. குடும்ப வழியாக வரும் போக்கு இருக்கிறது. கூனி உட்கார்ந்ததாலோ, ஒரே தோளில் புத்தகப் பை மாட்டியதாலோ, பூப்பந்து ஆடியதாலோ இது வருவதில்லை. ஆகவே, "நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்" என்று அம்மாக்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு பிள்ளையை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். வயது 13, படிவம் ஒன்று மாணவி. வலைப்பந்து ஆடுகிறாள். எக்ஸ்ரேயில் வளைவு 16 பாகை. வயதுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இதில் பெற்றோர் மனத்தில் நிற்பது 16 என்ற எண் மட்டும்தான். மருத்துவரோ அந்த மூன்று மாதத்தையும் அதே அளவு முக்கியமாகப் பார்ப்பார். வளைவு கூடுவது பெரும்பாலும் உடல் வேகமாக உயரும் காலத்தில்தான். பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்த பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வளர்கிறார்கள். எனவே, இவளுக்கு வளர்ச்சி இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தப் பாக்கியை அளக்க, எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைப் பார்த்து 0 முதல் 5 வரை ஓர் எண் கொடுப்பார்கள். இதற்கு ரிஸ்ஸர் என்று பெயர். 0 அல்லது 1 என்றால் இன்னும் நிறைய வளர வேண்டும்; 5 என்றால் வளர்ச்சி முடிந்துவிட்டது. 1984-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை மருத்துவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வளைவு 20 பாகைக்குக் கீழே இருந்து, ரிஸ்ஸர் 0 அல்லது 1 ஆக இருந்த பிள்ளைகளில் 100-க்கு 22 பேருக்கு வளைவு கூடியது. அதே வளைவு இருந்தும் ரிஸ்ஸர் 2 அல்லது அதற்கு மேல் போய்விட்டவர்களில் கூடியது 100-க்கு இரண்டு பேருக்கும் குறைவு. நம் உதாரண மாணவிக்கு ரிஸ்ஸர் 1 என்று வைத்துக்கொண்டால், ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பு வளைவு அப்படியே நிற்பதற்குத்தான். மீதி ஒரு பங்குக்காகத்தான் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த மறு தேதிதான் தவறிப் போகிறது. வலி இல்லை, வேன் இல்லை, அப்பாவுக்கு விடுப்பு இல்லை என்று ஓராண்டு ஓடிவிடும். அந்த ஓராண்டுதான் வளர்ச்சியின் உச்சமாகவும் இருக்கும்.

சரி, வலைப்பந்துக்கு வருவோம். லேசான வளைவு உள்ள பிள்ளைக்குத் தடை செய்யப்பட்ட விளையாட்டு என்று எதுவும் இல்லை. வலைப்பந்து, பூப்பந்து, காற்பந்து, ஓட்டம், நீச்சல், கபடி, சிலம்பம் எல்லாம் ஆடலாம். சிலம்பத்திலும் பூப்பந்திலும் ஒரு கைதான் அதிகம் வேலை செய்கிறது, அதனால் வளைவு கூடிவிடுமோ என்று கேட்பார்கள். அப்படிக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடற்கல்வி வகுப்பிலிருந்து விலக்குக் கடிதம் வாங்குவதும் தேவையற்றது. எலும்பு உறுதியாக வளர வேண்டிய வயதில் ஓட்டமும் குதியும்தான் அதற்கு உதவுகின்றன.

இரண்டு விஷயங்களில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒன்று, தாள ஜிம்னாஸ்டிக்ஸும் பாலே நடனமும். பல்கேரியாவில் தாள ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளிடம் நடந்த ஆய்வில், மற்றப் பெண்களை விட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாக ஸ்கோலியோசிஸ் காணப்பட்டது. உடல் இயல்பாகவே மிகவும் வளைந்துகொடுக்கும் பிள்ளைகள்தான் அந்த விளையாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கடும் பயிற்சியால் அவர்கள் வயதுக்கு வருவதும் தள்ளிப் போகிறது. ஆகவே விளையாட்டுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மாநில அளவில் தினமும் பல மணி நேரம் பயிற்சி செய்யும் பிள்ளையை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இன்னொன்று நீச்சல். "நீச்சல் அடித்தால் முதுகு நேராகிவிடும்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆகாது. நீச்சல் நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான். பிள்ளைக்கு வலைப்பந்துதான் பிடிக்கும் என்றால், அதை நிறுத்திவிட்டு மாதக் கட்டணம் கட்டி நீச்சல் குளத்துக்கு அனுப்பக் காரணமே இல்லை.

உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் இருக்கிறது. 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய அதே போல்ட்தான். இளவயதில் தொடைப் பின்தசைக் காயங்களால் திணறியவர். முதுகையும் வயிற்றையும் வலுவாக வைத்துக்கொண்டால் வளைவு தம்மைத் தொந்தரவு செய்வதில்லை என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். பயிற்சி அவருடைய முதுகெலும்பை நேராக்கிவிடவில்லை. வளைந்த முதுகெலும்பைத் தாங்கும் தசைகளைத்தான் பலப்படுத்தியது. வலுவூட்டும் பயிற்சியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அவ்வளவே.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவைதான். முதலாவது, கை கால்களை ஊன்றி மேசை போல் நின்று, வலது கையையும் இடது காலையும் ஒரே நேரத்தில் நீட்டுவது. ஐந்து விநாடி நிறுத்தி, பக்கம் மாற்ற வேண்டும். பக்கத்துக்கு எட்டு முறை போதும். இரண்டாவது, பக்கவாட்டில் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது. தொடக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு பத்து விநாடி, பக்கத்துக்கு ஐந்து முறை. மூன்றாவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, பத்து முறை. வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம் செய்தால் போதும். நல்லதென்று தினமும் ஒரு மணி நேரம் வாட்டினால் பிள்ளை இரண்டாவது வாரமே விட்டுவிடும்.

பயிற்சி சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாலோ, இடுப்பு தொங்கினாலோ, தண்டு முறுக்கிக்கொண்டாலோ எண்ணிக்கை அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிடுங்கள். இரு பக்கமும் சமமாகச் செய்ய வேண்டும். "வளைந்த பக்கத்துக்கு மட்டும்" என்று யூடியூப் காணொளியைப் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். படம் கண்ணாடி போல் புரண்டிருந்தால் இடம் வலமாகிவிடும். பல பிள்ளைகளுக்கு மேலே ஒரு பக்கமும் கீழே மறு பக்கமுமாக இரண்டு வளைவுகளும் இருக்கும்.

ஒவ்வொருவரின் வளைவுக்கும் ஏற்ப அமைத்த பயிற்சியும் உண்டு. ஜெர்மனியின் கத்தரினா ஷ்ரோத் 1920-களில் தொடங்கிய ஷ்ரோத் முறை அதில் பெயர் பெற்றது. கண்ணாடி முன் நின்று, தண்டை நீட்டி, குழிந்த பக்கத்து விலாவுக்குள் மூச்சை இழுத்து நிரப்பக் கற்றுக்கொடுப்பார்கள். அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம்தான் கற்க வேண்டும். சில ஆய்வுகளில் இம்முறை வளைவைச் சில பாகை குறைத்திருக்கிறது. ஆனால், ஒரே படத்தை இருவர் அளந்தாலே ஐந்து பாகை வரை வேறுபடும். அதனால் "30 பாகையை மூன்றே மாதத்தில் நேராக்கினோம்" என்ற முகநூல் விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன் யோசியுங்கள். எண்ணெய் தடவி நீவிவிட்டாலும் எலும்பு நிமிராது. வலுவாக அமுக்கி முறுக்குவது ஆபத்தாகவும் முடியலாம்.

வளைவு 25-ஐத் தாண்டி, வளர்ச்சியும் பாக்கி இருந்தால் பயிற்சி மட்டும் போதாது. பிரேஸ் வேலை செய்கிறது என்பது 2013-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் உறுதியானது. அறுவைச் சிகிச்சை எல்லையை எட்டாமல் தப்பியவர்கள் பிரேஸ் அணிந்தோரில் 72 விழுக்காடு, அணியாதோரில் 48 விழுக்காடு. பிரேஸ் போட்ட பிள்ளையும் அதைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடலாம்.

சில அறிகுறிகள் இருந்தால் மறு தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. இரவில் எழுப்பிவிடும் வலி, காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல், பத்து வயதுக்கு முன்பே தெரியும் வளைவு ஆகியவை காரணம் தெரியாத சாதாரண வளைவுக்கு உரியவை அல்ல. அப்படியிருந்தால் மேல் முதுகு இடப்பக்கம் வளைந்திருப்பதையும் மருத்துவர் கவனிப்பார். வழக்கமாக அது வலப்பக்கம்தான் வளையும்.

வீட்டுச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். பிள்ளை இரு பாதங்களையும் சேர்த்து நின்று, உள்ளங்கைகளைச் சேர்த்தபடி முன்னோக்கிக் குனியட்டும். பின்னாலிருந்து முதுகின் மட்டத்தில் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் அரசாங்க கிளினிக்கில் காட்டி, தேவைப்பட்டால் எலும்பு நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். எக்ஸ்ரே நின்ற நிலையில், முதுகு முழுதும் தெரியும்படி எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்த நிலையில் எடுத்தால் வளைவு குறைவாகக் காட்டும்.

அடுத்த தேதிக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும், பிள்ளை வயதுக்கு வந்த தேதியையும், உயரக் கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள். உயரத்துக்குக் கதவு நிலையில் மாதம் ஒரு பென்சில் கோடு போதும். கோடுகள் மாதத்துக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தால் வளர்ச்சி வேகமாக நடக்கிறது. அந்த மாதங்களில் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.